அவுட்பாக்ஸ் பேட்டர்ன்: தமிழில் எப்படிச் சொல்வது?

யாழினி: வணக்கம். இதற்குப் ‘புறப்பெட்டி’ என்று எழுதிப் பார்த்தேன், மனசு ஒட்டவில்லை. ஆர்டரைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனையில், அனுப்ப வேண்டிய செய்தியையும் பக்கத்து அட்டவணையில் ஒரு வரியாக எழுதிவிடுகிறோம், சில விநாடிக்கு ஒருமுறை ஓடும் வேலை அதை எடுத்து அனுப்புகிறது.

```sql
BEGIN;
INSERT INTO orders (id) VALUES (812);
INSERT INTO outbox (order_id, body)
VALUES (812, 'order_placed');
COMMIT;
```

பெட்டி டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பதுதான் விஷயமே, ‘புற’ என்றால் வெளியே கிடப்பது போல இருக்கிறதே?

சண்முகம்: மின்னஞ்சலில் ஏற்கெனவே இருப்பதுதானே? பெரிய கோப்பு ஒன்றை இணைத்து அனுப்பினேன், இரண்டு நாள் அதிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. ‘செல்பெட்டி’ போதும்.

பிரபு: அது வேறு பெட்டி ஐயா. இதில் செய்தி தொலையாது, இரண்டு தடவையும் போகாது. பயனை வைத்தே ‘ஒருமுறை அனுப்பல்’ என்று சொல்லலாம்.

மீனாட்சி: தொலையாது, சரி. இரண்டு தடவை போகாது என்பது தவறு, பிரபு. 812-க்கான செய்தி போய்விட்டது, அந்த வரியில் அனுப்பிய நேரத்தைக் குறிக்கும் `sent_at`-ஐ எழுதுவதற்குள் செயலி விழுந்துவிட்டது என்று வையுங்கள். மறுபடி எழுந்ததும் அது காலியாகத்தான் தெரியும், திரும்பவும் அனுப்பும். முதலில் குறித்துவிட்டு அப்புறம் அனுப்பினால், நடுவில் விழும்போது செய்தியே போகாது. அதனால் இரட்டிப்பைப் பொறுத்துக்கொண்டு, பெறுகிற பக்கம் செய்தி எண்ணைக் குறித்து வைத்து, பார்த்த எண் வந்தால் ஒதுக்க வேண்டும். நாங்கள் இதை விட்டுவிட்டோம். ஒரே ரசீது இரண்டு போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இன்னொன்று. ‘கடைசியாக அனுப்பிய வரி எண்ணுக்கு மேல் எடு’ என்று வேலையை எழுதாதீர்கள். 41 என்ற வரி எண்ணை வாங்கிய பரிவர்த்தனை மெதுவாக ஓடுகிறது, 42 முந்திக்கொண்டு கமிட் ஆகிறது, வேலை 42-ஐ அனுப்பிவிட்டு ‘42 வரை முடிந்தது’ என்று குறித்துக்கொள்கிறது. பிறகு வரும் 41-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பிழைச் செய்தியும் வராது. `sent_at IS NULL` என்றுதான் கேட்க வேண்டும். ஒரு வரி இன்னும் நிலுவையில் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி, அதனால் என் ஓட்டு ‘நிலுவைப் பெட்டி’க்கு.

பிரபு: ஓ, இரட்டிப்பை நான் யோசிக்கவில்லை. ஆனால் அனுப்பி முடித்த வரிகளும் அங்கேயே கிடக்குமே, அவை எப்படி நிலுவை?

மீனாட்சி: நாங்கள் ஒரு வாரம் வைத்திருந்து அழிக்கிறோம். அழிக்காமல் விட்டால் அட்டவணை வீங்கும்.

யாழினி: ‘நிலுவை’ என்றதும் வரி பாக்கிதான் ஞாபகம் வருகிறது. ஆனாலும் ‘செய்தி நிலுவையில் இருக்கிறது’ என்று எழுதும்போது கை தடுக்கவில்லை. இப்போதைக்கு ‘நிலுவைப் பெட்டி’ என்றே வைக்கிறேன். பேட்டர்னுக்குத் ‘தோரணி’யா, ‘பாங்கு’வா?

சண்முகம்: பாங்கு என்றால் வங்கி என்று படிப்பார்கள்.