ஆசிரியர் சுய மதிப்பீட்டுப் படிவமான பின்டிக்ஸில் "மாணவர் நிலைக்கேற்பக் கற்பிக்கிறேன்" என்று எழுதியவர்கள் என்ன சான்று காட்டினீர்கள்?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பின்டிக்ஸ் சுய மதிப்பீடு எழுதி முடித்தேன். 7 தரநிலைகளில் அதிகம் யோசிக்க வைத்தது கற்பித்தல் உத்திகள் பகுதிதான். 1 முதல் 4 வரை ஓர் எண்ணைப் போட்டுவிடலாம். அந்த எண் ஏன் என்று விளக்கும்போது, "நிலைக்கேற்பக் கற்பிக்கிறேன், துணைக்கருவிகள் பயன்படுத்துகிறேன்" என்று எழுதினால் எந்தப் பள்ளியில் யார் எழுதினாலும் அதே வரிதான். அதனால் கடன் வாங்கிக் கழித்தலை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் எழுதியது இது:

"ஜூன் கடைசியில் 24 பேருக்கும் 52 − 27 கொடுத்தேன். 15 பேர் 35 என்று விடை எழுதினர். எது மேலே, எது கீழே என்று பாராமல் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறார்கள். இவர்களுக்குப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட குச்சிகளைக் கொடுத்தேன். 52 என்றால் 5 கட்டு, 2 தனிக்குச்சி. அதிலிருந்து 7 குச்சி எடுக்க ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்த கையோடு நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுதச் சொன்னேன். ஆகஸ்டில் 61 − 34 கொடுத்தபோது 4 பேர் மட்டும் 33 என்று எழுதினர். 403 − 178 போல நடுவில் 0 வரும் கணக்கில் 11 பேர் இன்னும் தவறு செய்கிறார்கள். சான்று: இரண்டு தேதிகளின் நோட்டுப் பக்கங்கள், என் பாடக்குறிப்பேடு."

இதற்கு 3 போட்டிருக்கிறேன். மற்றவர்கள் எப்படி எழுதினீர்கள்?

கரிசல்காட்டு சார்:
நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனால் இவ்வளவு தேவையா? நான் குழந்தைகள் குச்சியோடு உட்கார்ந்திருக்கும் போட்டோ நான்கு, தேர்வு மதிப்பெண் பட்டியல் ஒன்று இணைப்பேன். போட்டோ நடந்ததைக் காட்டும், மதிப்பெண் பலனைக் காட்டும்.

பட்டதாரி ஆசிரியர், கணக்கு:
எனக்கு இந்த ஆண்டு தேர்வுநிலை ஊதியம் வருகிறது. அதற்கு இந்தப் படிவத்தை இணைக்க வேண்டுமா?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
சார், அது பணிப்பதிவேட்டை வைத்துப் போகும் தனிக் கருத்துரு. உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். நான் கேட்டது வகுப்பறைச் சான்று பற்றி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்:
வட்டார வள மையத்தில் இருந்தபோது இந்தப் படிவங்களை நிறையப் படித்திருக்கிறேன். கரிசல்காட்டு சார் சொன்ன போட்டோ, குழந்தைகள் கையில் குச்சி இருந்தது என்பதற்கு நல்ல சான்று. கழித்தல் புரிந்தது என்பதற்கு அது சான்றாகாது. "துணைக்கருவி பயன்படுத்தினேன்" என்ற வரிக்கு அதை வையுங்கள்.

மதிப்பெண் பட்டியலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 58 − 23 கணக்கைப் பாருங்கள். 8-இல் 3 போனால் 5, 5-இல் 2 போனால் 3, விடை 35. கடன் வாங்கத் தெரியாத பிள்ளையும் இதைச் சரியாகப் போடும். பத்துக் கணக்கில் ஆறு இப்படி இருந்தால், கடன் வாங்குவதே புரியாத பிள்ளை 60 மதிப்பெண் வாங்கிவிடும். அந்தப் பட்டியலை நம்பி "60 சதவீதம் கற்றுவிட்டார்கள்" என்று எழுதினால் வகுப்பில் நடப்பது ஒன்று, படிவத்தில் இருப்பது வேறு. டீச்சர் எடுத்த இரண்டு கணக்கும் கடன் வாங்கியே தீர வேண்டியவை. ஜூனில் கொடுத்த எண்களையே ஆகஸ்டில் கொடுக்காததும் சரி, கொடுத்திருந்தால் விடை மனப்பாடமாகியிருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன் டீச்சர். அந்த 11 பேர் 403 − 178-க்கு என்ன விடை எழுதினார்கள்? 375 என்றால் பழைய தவறேதான். 235 என்றால் கதை வேறு.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன் சார். 2 பேர் 375. 7 பேர் 235! மற்ற 2 பேர் விடையில் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்:
பார்த்தீர்களா, அந்த 7 பேர் பாதிக் கிணறு தாண்டியவர்கள். நூறில் ஒன்றைப் பிரித்துப் பத்தாம் இடத்தில் 10 ஆக்கிவிட்டார்கள். ஒன்றாம் இடத்துக்கு ஒரு பத்தை அனுப்பி 13 ஆக்கியும் விட்டார்கள். அனுப்பிய பிறகு அந்த 10-ஐ 9 ஆக்கவில்லை. அதனால்தான் 225 வர வேண்டிய இடத்தில் 235. "11 பேர் தவறு" என்று ஒரே வரியில் எழுதினால் இந்த வளர்ச்சி மறைந்துபோகும். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதும் இதிலிருந்துதான் வரும். 235 எழுதியவர்களுக்கு பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கட்டு வேண்டும். அதைப் பிரித்து, வந்த பத்துக் கட்டில் ஒன்றை மறுபடி பிரித்தால் மீதி 9 கட்டு கண்ணெதிரே இருக்கும். 375 எழுதிய 2 பேர் திரும்ப 52 − 27-க்கே போக வேண்டும்.

மலைக்கிராம ஈராசிரியர் பள்ளி:
படிக்க நன்றாக இருக்கிறது. இங்கே 5 வகுப்புக்கு இரண்டு பேர். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். ஒவ்வொரு நோட்டிலும் தவறின் வகையைப் பிரித்துக் குறிக்க எனக்கு நேரமே இல்லை. போன வாரம் மழையில் வந்ததே 9 பேர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்:
எல்லா நோட்டும் வேண்டாம் சார். நிலைக்கு ஒருவராக மூன்று பேர் போதும். ஆனால் அவர்களை ஜூனிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். கடைசியில் தேர்ந்தால் கை தானாகவே நன்றாகத் தேறிய பிள்ளையின் நோட்டை எடுக்கும். படிவத்தில் பிள்ளையின் பெயர் வேண்டாம், மாணவர் அ, ஆ, இ என்று போடுங்கள்.

கரிசல்காட்டு சார்:
சரி, போட்டோ விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 15 பேர் 4 ஆனது குச்சியால்தான் என்று எப்படிச் சொல்வது? என் வகுப்பில் பாதிப் பேர் சாயங்காலம் டியூஷன் போகிறார்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
நானும் அதை யோசித்தேன் சார். "குச்சியால்" என்று நான் எழுதவில்லை, என்ன செய்தேன், அப்புறம் என்ன பார்த்தேன் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஒன்று சேர்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆகஸ்டில் ஒரு பிள்ளையிடம் "6 எப்படி 5 ஆச்சு?" என்று கேட்டேன். "ஒரு கட்டப் பிரிச்சுட்டேன்ல டீச்சர்" என்றது. அப்போது அதன் கையில் குச்சி இல்லை. அந்தப் பதிலைத் தேதியோடு பாடக்குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்:
கட்டாயம் சேருங்கள். டியூஷனில் பெரும்பாலும் "பக்கத்தில் கடன் வாங்கு" என்றுதான் சொல்லித் தருவார்கள். கட்டைப் பிரித்தேன் என்பது உங்கள் வகுப்பின் பேச்சு.

கரிசல்காட்டு சார்:
எனக்கு இன்னும் ஒரு தயக்கம் இருக்கிறது. 11 பேருக்கு வரவில்லை என்பதை நாமே எழுத்தில் கொடுக்கிறோம். தலைமையாசிரியர் தாண்டி மேலே போகும் காகிதம் இது. நாளைக்கு ஆய்வுக்கு வருபவர் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக் கேட்டால்?

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்:
கேட்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்திலேயே அடுத்த திட்டம் இருந்தால் பேச ஓர் இடம் கிடைக்கும்.

மலைக்கிராம ஈராசிரியர் பள்ளி:
எங்கள் ஒன்றியத்தில் நான் எழுத மாட்டேன். டீச்சர் எழுதுவது சரிதான், ஆனால் படிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
நான் அந்த வரியை எடுக்கப் போவதில்லை. 11-ஐ 2, 7, 2 என்று பிரித்து, பெரிய கட்டுத் திட்டத்தையும் சேர்த்து எழுதுகிறேன். 3-ஐ அப்படியே விடுவதா 2 ஆக்குவதா என்பதைத் தலைமையாசிரியரிடம் நோட்டுகளோடு உட்கார்ந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்.