கறள் பிடித்த தோசைக்கல்: விளிம்பில் இருப்பது கீறலா, வெடிப்பா?

அம்மம்மா வீடு: வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மம்மாவின் வார்ப்பிரும்புத் தோசைக்கல் இரண்டு வருடமாகப் பால்கனியில் பூச்சட்டிக்கு அடியில் கிடந்தது. படத்தில் பாருங்கள், முழுக்கச் செம்மஞ்சள் கறள். விளிம்பிலிருந்து உள்ளே ஒரு கறுப்புக் கோடும் ஓடுகிறது. திரும்பப் பழக்கலாமா, எறிவதா?

மூன்றாம் மாடி: எறியுங்கள். கடற்காற்றில் கிடந்த இரும்பு உள்ளுக்குள்ளும் அரித்திருக்கும். கறள் வயிற்றுக்குள் போனால் ஏற்பு நோய் வேறு வரும்.

பட்டறைக்காரன்: ஏற்பு கறளால் வருவதில்லை, மண்ணில் இருக்கும் கிருமி காயத்துக்குள் போனால் வருவது. கடற்காற்று பற்றிச் சொன்னது சரி, உப்பு ஈரம் இரும்பை வேகமாகத்தான் தின்னும். ஆனால் இந்தப் படத்தில் கறள் தூள் தூளாக இருக்கிறது, அடுக்காக உரியவில்லை. தடித்த வார்ப்புக் கல்லுக்கு அது மேல்தோல் நோய்தான்.

என்னை உறுத்துவது அந்தக் கோடு. அதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொன்றும் கேட்க வேண்டும்: அதில் யாராவது வலைக்கு ஈயம் உருக்கினார்களா? உருக்கியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் சமையலுக்கு வேண்டாம்.

அம்மம்மா வீடு: ஈயம் இல்லை அண்ணா, தோசை மட்டும்தான். அப்பா சொன்னபடி கோட்டில் மண்ணெண்ணெய் பூசி, துடைத்து, வெண்கட்டித் தூள் தூவிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் தூள் நனைந்துவிட்டது. அப்படியென்றால் கல் முழுக்க வெடிப்பா?

பட்டறைக்காரன்: அப்பா சொன்ன சோதனை நல்லது, செய்த நேரம்தான் பிழை. கறளே எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும், பிறகு எல்லா இடத்திலும் கக்கும். முதலில் கறளை எடுங்கள். வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து கல்லை மூழ்க வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துக் கம்பி நாரால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். இரவு முழுக்க விட்டால் கறள் தீர்ந்த பிறகு வினாகிரி நல்ல இரும்பையே அரிக்கும். கழுவியவுடன் சிறு தீயில் காய வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணெதிரே மறுபடி செம்மஞ்சள் ஏறும். ஆறிய பிறகு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மண்ணெண்ணெயைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவாமல் அடுப்பில் வைக்க வேண்டாம்.

சமையலறைச் சன்னல்: என்னுடைய தோசைக்கல்லிலும் கறுப்பு உரிகிறது, நான்ஸ்டிக் கல். வினாகிரியில் போட்டால் சரியாகுமா?

பட்டறைக்காரன்: அது வேறு சாமான் அக்கா. உரிவது பூச்சு, அதை வீட்டில் திரும்பப் பூச முடியாது. மாற்றிவிடுங்கள்.

அம்மம்மா வீடு: முக்கால் மணி நேரத்தில் கல் சாம்பல் நிறத்துக்கு வந்தது. இந்தத் தடவை தூள் எங்கும் நனையவில்லை, கோட்டில் மட்டும் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு வந்தது. மீதி வெறும் கீறல். கைப்பிடியில் கயிறு கட்டித் தூக்கி, மரக்கரண்டியால் தட்டினால் ஓசை அடைத்த மாதிரி இருக்கிறது.

பட்டறைக்காரன்: அப்படியென்றால் அந்த ஒரு விரல் வெடிப்புத்தான். முழுக் கல் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் வெடிப்பு கொஞ்சம் உள்ளே போகும். நான் இதில் தோசை சுட மாட்டேன்.

மூன்றாம் மாடி: நான் முதலே சொன்னேன்.

பட்டறைக்காரன்: நீங்கள் கறளுக்காக எறியச் சொன்னீர்கள். கறள் முக்கால் மணியில் போய்விட்டது.

கொட்டாஞ்சேனை: உடனே கைவிடத் தேவையில்லை. வெடிப்பு முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. எங்கள் கடையில் இயந்திர வார்ப்புகளுக்கு அப்படித்தான் செய்வோம். துளை போட்டுத் தேங்காய் எண்ணெயில் பழக்குங்கள் தங்கச்சி.

பட்டறைக்காரன்: இயந்திர மூடிக்குத் துளை சரி, தினமும் தீயில் ஏறி இறங்கும் கல்லுக்கு அது தாங்கும் என்று நான் நம்பவில்லை. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது இரும்பில் இறுகிப் படலமாவது குறைவு. நல்லெண்ணெய் எடுத்து, பூசியதையெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி மெல்லியதாக வைத்து, புகை நிற்கும் வரை சூடாக்கி ஆற விட வேண்டும். ஐந்தாறு தடவை செய்தால் கறுக்கும். தடிப்பாகப் பூசினால் பிசுபிசுக்கும்.

கொட்டாஞ்சேனை: எங்கள் வீட்டுத் தாச்சி தேங்காய் எண்ணெயில் பழகியதுதான், பத்து வருடமாக ஒட்டவில்லை.

பட்டறைக்காரன்: அந்தப் பத்து வருடமும் தினமும் பொரித்திருப்பீர்களே அண்ணா. வெறும் இரும்பில் முதல் படலம் பிடிக்க வைப்பது வேறு வேலை.

அம்மம்மா வீடு: அம்மாவுக்கு இதை எறிய மனமில்லை. கொட்டாஞ்சேனை அண்ணா, துளை போட எவ்வளவு நேரம் எடுக்கும்? சனிக்கிழமை கொண்டு வரலாமா?

கொட்டாஞ்சேனை: பத்து நிமிட வேலை. வெண்கட்டியையும் கொண்டு வாருங்கள், வெடிப்பு எங்கே முடிகிறது என்று மறுபடி பார்த்துவிட்டுத்தான் துளை போடுவேன்.