புதுப்பிப்பு: பி.எஃப். பணத்தை எடுக்கவில்லை

மார்ச்சில் இங்கே உங்களிடம் நான் கேட்டது: "எனக்கு 46, மனைவிக்கு 43. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆண்டுக் கட்டணம் 1,44,000 ரூபாய். இரண்டு ஆண்டுக் கட்டணத்துக்காகப் பி.எஃப். கணக்கிலிருந்து 3 லட்சம் எடுக்கலாமா?"

எடுக்கவில்லை. மனத்தை மாற்றியது வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா போட்ட கணக்கு. வட்டி 8.25 சதவீதமாகவே நீடித்தால், அந்த 3 லட்சம் எனக்கு 58 வயதாகும்போது ஏறக்குறைய 7.77 லட்சமாகியிருக்கும். "கட்டணம் ஆண்டுதோறும் வரும் செலவு. அதற்கு மாதச் சம்பளத்தில்தான் வழி தேட வேண்டும்" என்றார்.

இந்த ஜூனில் பள்ளியிடம் கேட்டு இரண்டு தவணையாக்கினோம். முதல் தவணைக்கு மனைவியின் வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம்தான். அடுத்த ஆண்டுக்காக ஜூலை முதல் மாதம் 12,000 தொடர் வைப்பில் போடுகிறோம். காருக்கென்று ஒதுக்கிவந்த பணம் அது.

கல்விக் கட்டணத்துக்கு வரிச்சலுகை உண்டு என்றவர் சொன்னது பாதி சரி. பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு, அதுவும் கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டும். வேன் கட்டணம் சேராது. நான் புதிய முறையில் இருக்கிறேன். கல்விக் கடன் வாங்கச் சொன்ன தம்பி கேள்வியைக் கல்லூரி என்று படித்துவிட்டார், என் பிள்ளைகள் ஏழாம், நான்காம் வகுப்பு!

மனைவி வேலை பார்க்கும் இடத்தில் பி.எஃப். இல்லை. அவர் பெயரில் பி.பி.எஃப். தொடங்கலாம் என்கிறேன். "முதலில் வளையலை மீட்டுக் கொடுங்கள்" என்கிறார்.