வாட்ஸ்அப் ஆர்டர் லிங்கில் செய்தி பாதியில் நிற்கிறது, உதவி தேவை

ஆற்காட்டில் எங்கள் இனிப்புக் கடைக்கு ஆர்டர் லிங்க் செய்தேன்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=மக்கன்%20பேடா%20%26%20மிக்சர்%20வேண்டும்
```

எண்ணுக்கு முன்னால் + குறியோ 0-வோ இல்லை. சாட் சரியாகவே திறக்கிறது. முதலில் வெறும் & போட்டிருந்தேன். அது அடுத்த விவரம் தொடங்குகிறது என்று சொல்லும் குறி என்பதால் செய்தி "மக்கன் பேடா"வோடு நின்றது. %26 என்று மாற்றியதும் நேராகத் தொட்டால் முழுதாக வருகிறது.

ஆனால் இதே லிங்கை ஒரு இலவசத் தளத்தில் கியூஆர் கோடாக்கி ஸ்கேன் செய்தால் மறுபடி பாதிதான். அந்தத் தளம் வழியில் %26-ஐ மீண்டும் & ஆக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். வேறு போனிலும் பார்த்தேன், அதே கதை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

கியூஆருக்குக் கொடுக்கும்போது மட்டும் %2526 என்று எழுதினால் சரியாகுமா, இல்லை &-ஐ எடுத்துவிட்டு "மற்றும்" என்று போடுவதுதான் வழியா?