ஏற்றுமதி இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்டிலும் சரக்கு விவரத்தை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்? (கரூர், முதல் ஷிப்மென்ட்)

கரூர்_விசைத்தறி:
அனைவருக்கும் வணக்கம். இதுவரை உள்நாட்டு மொத்த வியாபாரிகளுக்கு மட்டுமே துணி கொடுத்து வந்த நாங்கள், முதன்முறையாக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து வாங்குபவர் ஒருவருக்குத் தூத்துக்குடி வழியாகச் சரக்கு அனுப்ப இருக்கிறோம். மூன்று சமையலறைத் துவாலைகள் கொண்ட செட் 2,000, ஏப்ரன் 500, ஆக மொத்தம் 50 அட்டைப்பெட்டிகள். துவாலையின் அளவு 50 x 70 செ.மீ., எடை 200 ஜி.எஸ்.எம்.

இன்வாய்ஸ் வரைவில் "ஹோம் டெக்ஸ்டைல் ஐட்டம்ஸ், 50 கார்ட்டன்" என்று ஒரே வரியாக எழுதியிருந்தோம். இதை வைத்து ஷிப்பிங் பில் தாக்கல் செய்ய இயலாது என்று கஸ்டம்ஸ் ஏஜென்ட் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் பணத்துக்கு உத்தரவாதமாக வாங்குபவர் தன் வங்கி மூலம் திறந்த எல்.சி.யிலோ "100 சதவீதப் பருத்தி சமையலறைத் துணிகள், பர்ச்சேஸ் ஆர்டரின்படி" என்று சுருக்கமாகத்தான் உள்ளது. ஏஜென்ட் கேட்பதுபோல் விரித்து எழுதினால் வங்கியில் சிக்கல் வருமா?

நாமக்கல்_டிரேடர்:
எல்.சி.யில் உள்ள வாசகத்தை எழுத்துப்பிழை இருந்தால் அந்தப் பிழையோடு அப்படியே எழுதுங்கள். கூடுதலாக ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனம் தரும் பி.எல். ஆகிய மூன்றிலும் அதே வரிதான் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் வங்கி பணத்தை நிறுத்திவிடும்.

துறைமுக_முகவர்:
வங்கி விஷயத்தை அறிந்தவர்கள் சொல்லட்டும். கஸ்டம்ஸ் பக்கத்தை நான் சொல்கிறேன். உங்கள் ஏஜென்ட் திருப்பி அனுப்பியது சரியே. சரக்கைக் கண்ணால் பார்க்காத அதிகாரி, நீங்கள் எழுதிய வரியை மட்டும் படித்து, அது எந்த எச்.எஸ். கோடின் கீழ் வரும் என்று முடிவு செய்ய முடிய வேண்டும். துணியைப் பொறுத்தவரை அதற்கு என்ன பொருள், எந்த இழை எத்தனை சதவீதம், நெய்ததா பின்னியதா என்ற மூன்றும் கட்டாயம் தெரிய வேண்டும். துவாலை என்றால் டெர்ரி வகையா இல்லையா என்பதும் வேண்டும். பருத்தி டெர்ரி துவாலை 630260இல் வரும், உங்களுடையதுபோல் சாதாரணமாக நெய்தது 630291இல் வரும். அந்த ஒரு சொல்லை விட்டால் கோடே மாறிவிடுகிறது. விசைத்தறித் துணி என்பதையும் எழுதிவிடுங்கள். மதிப்புக் கூடும் என்று எண்ணி அதைக் கைத்தறி என்று யாரேனும் எழுதச் சொன்னால் கேட்காதீர்கள். அது தவறான அறிவிப்பு.

ஏப்ரனைத் துவாலையோடு ஒரே வரியில் சேர்க்கவே கூடாது. அது உடுத்தும் பொருள் என்பதால் 62ஆம் அத்தியாயத்தில் 6211இன் கீழ் வருகிறது, துவாலையோ 63ஆம் அத்தியாயம். தனி வரி, தனி விலை, தனி எடை கொடுங்கள். துவாலைக்கான வரி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

```
WOVEN KITCHEN TOWELS, 100% COTTON, NON-TERRY,
YARN DYED, POWERLOOM, 50 X 70 CM, 200 GSM
PACKED IN SETS OF 3 PCS    HS 630291
2,000 SETS = 6,000 PCS
```

கடைசி வரியைக் கவனியுங்கள். இன்வாய்ஸில் 2,000 செட் என்றும் பேக்கிங் லிஸ்டில் 6,000 பீஸ் என்றும் தனித்தனியாக எழுதினால், இரண்டும் ஒரே சரக்குதானா என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டு ஆவணத்திலும் இரண்டு கணக்கும் சேர்ந்தே இருக்கட்டும்.

இன்னொன்று, 2024 ஜூன் முதல் கடல்வழிச் சரக்குக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐ.சி.எஸ். 2 முன்னறிவிப்பு முறை வந்துவிட்டது. ஆறு இலக்க எச்.எஸ். கோடும் தெளிவான விவரமும் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர வேண்டும். "டெக்ஸ்டைல் ஐட்டம்ஸ்" போன்ற பொதுவான சொற்களை அங்கே ஏற்பதில்லை.

ஆவணப்பிரிவு_ஓய்வு:
பல ஆண்டுகள் வங்கியின் எல்.சி. ஆவணப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நாமக்கல் நண்பர் சொன்னதில் பாதி சரி. எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600இன் 18ஆவது பிரிவின்படி இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பொருந்துவது என்றால் அச்சுப் பிரதிபோல் இருப்பது என்று பொருளல்ல. சரக்கு வேறு வகையானது என்ற தோற்றத்தைத் தராதவரை கூடுதல் விவரத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம். பேக்கிங் லிஸ்டுக்கும் பி.எல்.லுக்கும் இன்னும் தளர்வு உண்டு. 14ஆவது பிரிவின்படி எல்.சி.க்கு முரணில்லாத பொதுவான சொற்களே அவற்றுக்குப் போதும்.

ஆகவே இன்வாய்ஸின் விவரக் கட்டத்தில் முதலில் எல்.சி. வாசகத்தை அப்படியே எழுதி, அதன் கீழே முகவர் சொன்னதுபோல் துவாலை, ஏப்ரன் என இரண்டு வரிகளை விரித்து எழுதுங்கள். இரண்டு தேவைகளும் அதிலேயே நிறைவேறிவிடும்.

ஈரோடு_மஞ்சள்:
எனக்கும் இதே பிரச்சினைதான். மஞ்சள் தூள் மாதிரியைக் கூரியரில் அனுப்பும்போது "மாதிரி, வணிக மதிப்பு இல்லை" என்று எழுதி விலையைப் பூஜ்யம் என்று போட்டேன். அங்கே நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கும் அப்படி எழுதச் சொன்னார்களா?

துறைமுக_முகவர்:
இவருடையது விலைக்கு விற்கும் சரக்கு, ஆகவே அந்தக் கேள்வி இங்கே எழாது. ஆனாலும் உங்களுக்காகச் சொல்கிறேன்: மாதிரிக்கும் கஸ்டம்ஸ் கணக்குக்காக நியாயமான ஒரு விலை காட்ட வேண்டும். "மாதிரி" என்று மட்டும் எழுதாமல் என்ன பொருளின் மாதிரி, எத்தனை கிராம் என்பதையும் எழுதுங்கள்.

கரூர் நண்பருக்கு எடை பற்றி ஒன்று. 0.50 x 0.70 மீட்டர் என்றால் 0.35 சதுர மீட்டர், 200 ஜி.எஸ்.எம்.முக்கு ஒரு துவாலை 70 கிராம், ஒரு செட் 210 கிராம். பெட்டிக்கு 50 செட் வைத்தால் நிகர எடை 10.5 கிலோ, 40 பெட்டிக்கு 420 கிலோ. பேக்கிங் லிஸ்டில் எழுதும் நிகர எடை இதற்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். உண்மையில் எடை போட்டால் 390 கிலோதான் வருகிறது என்றால், ஒன்று துணி 200 ஜி.எஸ்.எம். இல்லை, அல்லது துவாலையின் அளவு குறைகிறது, அல்லது எண்ணிக்கை தவறு. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு இன்வாய்ஸை முடியுங்கள். கணக்குப் போட்ட எடையை அப்படியே எழுதிவிடாதீர்கள். பெட்டி 1 முதல் 40 வரை துவாலை, 41 முதல் 50 வரை ஏப்ரன் என்று எண் வாரியாகப் பிரித்து எழுதினால், பரிசோதனைக்கு எந்தப் பெட்டியைத் திறந்தாலும் குழப்பம் வராது.

சரக்கு போன பிறகு ஷிப்பிங் பில்லைத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சுங்கச் சட்டத்தின் 149ஆவது பிரிவின்படி, ஏற்றுமதியின்போதே இருந்த ஆவணத்தின் அடிப்படையில் மட்டுமே பிறகு திருத்தம் கிடைக்கும்.

கரூர்_விசைத்தறி:
மிக்க நன்றி ஐயா. ஏப்ரன் வரியை எழுத உட்கார்ந்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. துவாலை முழுப் பருத்தி. ஆனால் ஏப்ரன் துணி 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர். வாங்குபவர் ஒப்புதல் தந்த மாதிரியும் இதே துணிதான். எல்.சி.யிலோ 100 சதவீதப் பருத்தி என்று உள்ளது.

துறைமுக_முகவர்:
எடையில் பருத்தியே மிகுதி என்பதால் கஸ்டம்ஸ் வகைப்பாட்டில் அது பருத்தி ஏப்ரனாகவே இருக்கும். ஆனால் விவரத்தில் 80/20 என்றுதான் எழுத வேண்டும். துணி மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினால் பாலியஸ்டர் தெரிந்துவிடும்.

ஆவணப்பிரிவு_ஓய்வு:
80/20 என்று எழுதினால் எல்.சி. வாசகத்தோடு முரண்படும், அதை வங்கி கட்டாயம் டிஸ்க்ரெபன்சி என்று சொல்லும். கூடுதல் விவரம் என்ற விலக்கு இதற்குப் பொருந்தாது. சரக்கை ஏற்றுவதற்கு முன்பே வாங்குபவரிடம் எல்.சி. திருத்தம் கேளுங்கள். அதே திருத்தத்தில் கடைசி ஷிப்மென்ட் தேதியையும் எல்.சி. காலாவதித் தேதியையும் நீட்டிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் வங்கிக் கட்டணம் உண்டு. 43P கட்டத்தில் பகுதி ஷிப்மென்ட்டுக்குத் தடை இல்லையென்றால் துவாலையை மட்டும் முதலில் அனுப்பிவிடலாம்.

கரூர்_விசைத்தறி:
43P கட்டத்தில் பகுதி ஷிப்மென்ட்டுக்கு அனுமதி இல்லை என்றே உள்ளது. திருத்தம் கேட்டு இன்று மின்னஞ்சல் அனுப்பியுள்ளேன், இன்னும் பதில் வரவில்லை. அதுவரை பெட்டிகளைக் குடோனிலேயே வைத்திருக்கிறோம். துவாலைப் பெட்டிகளை எடை போடும் வேலை நடக்கிறது.