பொட்டாசியம் 7.4 கேள்வி: தவறான ஆப்ஷன்களின் விளக்கத்தை எப்படிப் படித்தீர்கள்?

மழைக்கால மாணவி
நீட் பிஜி பழைய கேள்விகளில் சரியான விடைக்கான விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவதுதான் பலரின் பழக்கம். மற்ற மூன்று ஆப்ஷன்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

எல்லோரும் பார்த்திருக்கும் கேள்விதான். 58 வயது, சிறுநீரகச் செயலிழப்பு, இரண்டு முறை டயாலிசிஸுக்கு வரவில்லை, கைகால் தளர்ந்திருக்கிறது. பொட்டாசியம் 7.4. ஈசிஜியில் டி அலை கூராக நிற்கிறது, பி அலையைக் காணோம், க்யூஆர்எஸ் அகன்றிருக்கிறது. உடனே செய்ய வேண்டியது எது? இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும், சால்பியூட்டமால் நெபுலைசேஷன், கால்சியம் குளுக்கோனேட், ஹீமோடயாலிசிஸ்.

விடை கால்சியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. என் கைடில் மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி: "இவை பொட்டாசியத்தைக் குறைக்கும், ஆனால் முதல் சிகிச்சை அல்ல." பொய்யில்லை, பயனும் இல்லை. அதனால் ஒவ்வொரு ஆப்ஷனுக்குக் கீழும், கேள்வியில் எதை மாற்றினால் இதுவே விடையாகும் என்று நானே எழுத ஆரம்பித்தேன். பொட்டாசியம் 6.8, ஈசிஜி சுத்தமாக இருக்கிறது என்று மாற்றினால் இன்சுலின் விடையாகிவிடும். கால்சியம், இன்சுலின் எல்லாம் கொடுத்தாயிற்று, சிறுநீரும் போகவில்லை, பொட்டாசியம் திரும்ப ஏறுகிறது என்றால் டயாலிசிஸ். சால்பியூட்டமாலில்தான் மாட்டிக்கொண்டேன். அது மட்டுமே விடையாகும்படி ஒரு கேள்வியை என்னால் யோசிக்க முடியவில்லை.

கடைசி பெஞ்ச்
இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. கேள்வியின் கடைசி வரியைப் பார்த்தால் போதும். "முதலில்" என்றால் கால்சியம், "நிரந்தரமாக வெளியேற்ற" என்றால் டயாலிசிஸ். நான் இப்படித்தான் போடுகிறேன், பெரும்பாலும் சரியாகவே வருகிறது. சால்பியூட்டமால் ஆஸ்துமா மருந்து, சும்மா இடத்தை நிரப்பப் போட்டிருப்பார்கள்.

நைட் ட்யூட்டி
நெஃப்ராலஜி ரெசிடென்ட். தம்பி சொல்வதில் பாதி சரி. கடைசி வரியைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் "முதலில்" என்று கேட்டுவிட்டு, ஈசிஜி இயல்பு என்று நடுவில் ஒரு வார்த்தை வைத்திருந்தால் கால்சியத்தைக் குறித்து ஒரு மார்க்கைக் கழித்துக்கொள்வீர்கள்.

சால்பியூட்டமால் இடத்தை நிரப்ப வந்ததும் இல்லை. இன்சுலினைப் போலவே அதுவும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். ஆனால் அதற்கு 10 முதல் 20 மில்லிகிராம் வேண்டும். ஆஸ்துமாவுக்குப் போடும் 2.5, 5 எல்லாம் இங்கே போதாது. சிலருக்கு அந்த அளவிலும் பொட்டாசியம் சரியாக இறங்குவதில்லை, இதய நோயாளியிடம் துடிப்பை ஏற்றிவிடும். அதனால்தான் தனியாக நம்புவதில்லை, இன்சுலினோடு சேர்த்துக் கொடுக்கிறோம். தனி விடையாக வர வேண்டுமென்றால், ஈசிஜி பரவாயில்லை, நரம்பு கிடைக்கவில்லை, லைன் போடும் வரைக்கும் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். ஃபிஸ்டுலா கையை விட்டுவிட்டு மற்ற கையில் நரம்பு தேடும் இரவுகளில் இது நிஜமாகவே நடக்கும்.

கைடு சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம், கால்சியம், இன்சுலின், டயாலிசிஸ் மூன்றும் செய்யும் வேலையே வேறு வேறு. பத்து சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சில நிமிடங்களில் மெதுவாகப் போடுகிறோம். க்யூஆர்எஸ் கண்ணெதிரே சுருங்கும். உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் அதே 7.4தான் இருக்கும். இதயத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் ஈசிஜி மாறவில்லை என்றால் இன்னொரு டோஸ் போடுவோம். அந்த இடைவெளிக்குள் 10 யூனிட் ரெகுலர் இன்சுலினும் 25 கிராம் குளுக்கோஸும், அதாவது 25% டெக்ஸ்ட்ரோஸில் 100 மில்லி, உள்ளே போக வேண்டும். அது வேலையைத் தொடங்கவே கால் மணி பிடிக்கும். டயாலிசிஸ் மட்டும்தான் பொட்டாசியத்தை உடம்பை விட்டு வெளியே எடுக்கிறது, ஆனால் மெஷின் தயாராக நேரமாகும். "எது பொட்டாசியத்தைக் குறைக்காது" என்று இதே நான்கு ஆப்ஷனோடு கேட்டாலும் விடை கால்சியம்தான். கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே முழிப்பார்.

சேலத்துக்காரர்
டாக்டர், நான் மாணவன் இல்லை. அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். போன ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.1. சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறார், அப்படியும் ஏன் குறையவில்லை? இன்னொரு மாத்திரை கூட்டலாமா?

நைட் ட்யூட்டி
கூட்டாதீர்கள் ஐயா. அந்த மாத்திரை சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்கக் கொடுப்பது. பொட்டாசியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே பேசுவது நரம்பில் போடும் ஊசி, அதுவும் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. 6.1 என்பது டயாலிசிஸுக்கு முன் எடுத்ததா, எத்தனை நாள் இடைவெளிக்குப் பின் எடுத்தது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். ரிப்போர்ட்டோடு இன்றைக்கே யூனிட்டில் பேசுங்கள். இளநீர், பழச்சாறு கொடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். கைகால் தளர்ந்தாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

பொரிகடலை
என் அனுபவம் வேறு மாதிரி. இந்தக் கேள்வியையே இரண்டு ரீகால் தொகுப்புகளில் பார்த்தேன். ஒன்றில் நான்காவது ஆப்ஷன் ஹீமோடயாலிசிஸ், இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட். தேர்வு எழுதியவர்கள் நோயாளியையும் விடையையும் நினைவில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். தப்பான ஆப்ஷன்கள் பாதி மறந்துவிடும், தொகுப்பவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடுவார். அப்புறம் அதற்கு ஒரு பத்தி விளக்கம் வேறு. "அவர்கள் ஏன் இந்த ஆப்ஷனை வைத்தார்கள்" என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்வது, வைக்கவே வைக்காத ஆப்ஷனுக்காகவும் இருக்கலாம். அதனால் ரீகாலில் தப்பான ஆப்ஷனை மருந்து பற்றிய குறிப்பாக மட்டும் படிக்கிறேன், பேப்பர் போட்டவர் மனசை அதில் தேடுவதில்லை.

மழைக்கால மாணவி
பைகார்பனேட் இருந்த தொகுப்பு என்னிடமும் இருக்கிறது. அதில் "பயனற்றது" என்று ஒரே வார்த்தை.

நைட் ட்யூட்டி
ஒரே வார்த்தையில் முடிக்கும் விஷயம் இல்லை அது. அமிலத்தன்மை கடுமையாக இருந்தால் கொடுப்போம். அது இல்லாதவரிடம் பொட்டாசியம் பெரிதாக அசையாது, சோடியமும் நீரும்தான் ஏறும். கால்சியம் போன அதே லைனில் விட்டால் வெள்ளையாகப் படிந்து லைன் அடைத்துக்கொள்ளும். இதை ஒரு தனிக் கேள்வியாகவே கேட்கலாம்.

கடைசி பெஞ்ச்
சரி அண்ணா, ஒரு சந்தேகம். என் பழைய கைடில், நோயாளி டிகாக்ஸின் சாப்பிடுபவராக இருந்தால் கால்சியம் கண்டிப்பாகக் கூடாது, இதயம் கல்லாகிவிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அப்படியானால் இந்தக் கேள்வியில் டிகாக்ஸின் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் கால்சியம் தப்பான ஆப்ஷனாகிவிடுமா?

நைட் ட்யூட்டி
அந்த எச்சரிக்கை 1930களின் சில கேஸ்களிலிருந்து வந்தது. 2011-ல் வந்த ஓர் ஆய்வில், டிகாக்ஸின் நச்சோடு இருந்தவர்களில் கால்சியம் போடப்பட்ட 23 பேரைப் பார்த்தார்கள். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் யாருக்கும் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரவில்லை. 23 பேரை வைத்து முழுத் தைரியம் சொல்ல முடியாதுதான். டிகாக்ஸின் நச்சால்தான் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று கேள்வி தெளிவாகச் சொன்னால் டிகாக்ஸின் எதிர்ப்பொருளைத் தேடுங்கள். டிகாக்ஸின் சாப்பிடுகிறார், டயாலிசிஸைத் தவறவிட்டார், க்யூஆர்எஸ் அகன்றிருக்கிறது என்று மட்டும் இருந்தால், வார்டில் நான் கால்சியத்தை மெதுவாகப் போடுவேன்.

பொரிகடலை
வார்டு சரி, ஓஎம்ஆரில் எதைக் கறுப்பது? என் ஃபார்மகாலஜி மேடம் இன்றும் கூடவே கூடாது என்கிறார்.

நைட் ட்யூட்டி
ஓஎம்ஆர் எங்கே இருக்கிறது இப்போது, கம்ப்யூட்டர்தானே. மேடமும் நானும் ஒரே பேப்பரைத் திருத்தினால் உங்களுக்கு நாலு மார்க் வருமா, மைனஸ் ஒன்றா என்று எனக்கே தெரியாது. எதிர்ப்பொருள் ஆப்ஷனில் இல்லாமல் டிகாக்ஸினோடு இந்தக் கேள்வி வந்த ரீகால் யாரிடமாவது இருந்தால், ஆப்ஷன்களோடு போடுங்கள், பார்ப்போம்.