ஏற்றி இறக்கிய விழுக்காடு: 'மாறுமுதல்' என்ற சொல் பொருந்துமா?

குடியாத்தம், லுங்கிக் கடைக் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்லை அப்புறம் கேட்கிறேன்.

நான் கணக்கு எழுதும் கடையில் ஒரு ரக லுங்கியின் மொத்த விலை 250 ரூபாய். நூல் விலை ஏறியதால் 20% கூட்டி 300 ஆக்கினோம். ஆடி பிறந்ததும் முதலாளி, "ஏத்தினதை அப்படியே இறக்கிடுங்க" என்றார். இறக்கத்துக்கான கலத்தில் நானும் 20% என்று அடித்தேன். பில் 240 ரூபாயில் போயிற்று. 400 லுங்கி கட்டி அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். உருப்படிக்குப் பத்து ரூபாய், மொத்தம் 4,000 ரூபாய் குறைந்துவிட்டது. தாளின் கடைசி வரியில் ஏற்ற இறக்கத்தைக் கூட்டிக் காட்டும் கலம் ஒன்று உண்டு. அது 0% என்று காட்டியது. அதை நம்பித்தான் விலையை மறுபடி பார்க்காமல் விட்டேன்.

தாள் இப்படி இருந்தது:

```
A2: 250
B2: 20%
C2: =A2*(1+B2)
D2: 20%
E2: =C2*(1-D2)
```

கடைசி வரியை `=C2-A2*D2` என்று எழுதியிருந்தால் 250 வந்திருக்கும். அங்கே 20% என்பது பழைய 250-இன் மேல் விழுகிறது. நான் எழுதியதில் அது 300-இன் மேல் விழுந்தது. ஒரே 20%, பிடித்துக்கொண்ட தொகைதான் வேறு.

அந்தத் தொகைக்கு ஒரு பெயர் இருந்தால் கடைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எளிதாக இருக்கும். எங்கள் ஊரில் வியாபாரத்தில் போட்ட பணத்தை 'முதல்' என்கிறோம். அதனால் தொகை அசையாமல் நின்றால் 'நிலைமுதல்', ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக மாறினால் 'மாறுமுதல்' என்று வைக்கலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

ஐயா, நீங்கள் சொல்வது எனக்கு விளங்கவில்லை. வைப்புத்தொகை வட்டி 8%-இலிருந்து 9%-க்கு ஏறும், அடுத்த ஆண்டு ஒரு விழுக்காடு இறங்கி மறுபடி 8% ஆகும். ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று, சரியாகிவிடுகிறது. முப்பது வருடம் அப்படித்தான் பேரேட்டில் எழுதினோம். ஏறி இறங்கினால் ஈடாகாது என்று பொதுவாகச் சொல்ல முடியுமா?

காட்பாடி, கணித ஆசிரியை:

வங்கி ஐயாவுக்கு: உங்கள் கணக்கு சரி, ஆனால் கேள்வி அதுவல்ல. 8 என்பது 9 ஆனால் நாம் கூட்டியது ஒரு புள்ளி. அடுத்து அதே புள்ளியைக் கழிக்கிறோம். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துவிடும். வகுப்பில் இதை 'விழுக்காட்டுப் புள்ளி' என்று பிரித்துச் சொல்வேன். விழுக்காட்டுக் கணக்காகப் பார்த்தால் 8-இலிருந்து 9 என்பது 12.5% ஏற்றம். 9-இலிருந்து 8 என்பது 11.11% இறக்கம்தான். போகும்போது எட்டின் மேல் கணக்கு, திரும்பும்போது ஒன்பதின் மேல் கணக்கு. குடியாத்தம் சாரின் சிக்கல் உங்கள் வட்டியிலும் ஒளிந்திருக்கிறது, புள்ளியில் பேசுவதால் தெரிவதில்லை.

லுங்கிக்கு வருகிறேன். அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிப் பிரித்துக் காட்டுங்கள். 300 என்பது பழைய 250-உம் ஏற்றிய 50-உம் சேர்ந்தது. 20% இறக்கும்போது 250-இலிருந்து 50 போகிறது. அது ஏற்றியதற்குச் சரியாகிவிட்டது. ஆனால் ஏற்றிய அந்த 50-இலிருந்தும் 20% போகிறது. அதுதான் பத்து ரூபாய். ஏற்றத்தின் மேலேயே விழுந்த இறக்கம் என்று சொல்லலாம். 250-க்கு 10 என்றால் 4%. 20%-இல் 20% எவ்வளவோ அவ்வளவு.

பழைய விலைக்கே திரும்ப வேண்டுமானால், ஏற்றிய 50-ஐ 300-ஆல் வகுக்க வேண்டும். 16.67% வரும். தாளில் D2-வில் கையால் எண்ணை அடிக்காமல் இப்படி எழுதுங்கள்:

```
D2: =B2/(1+B2)
```

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கலத்தைத் தசமம் இல்லாமல் வைத்திருந்தால் அது 17% என்று காட்டும். உள்ளே 16.67-தான் இருக்கிறது, E2-வில் 250 சரியாக வரும். ஆனால் காட்டும் 17-ஐப் பார்த்து யாராவது வேறு தாளில் 17% என்று அடித்தால் 249 ஆகிவிடும். இரண்டு தசமம் காட்டும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

வாணியம்பாடி, வணிகவியல் விரிவுரையாளர்:

சொல்லைப் பற்றி முதலில். 'நிலைமுதல்' வேண்டாம். வணிகவியலில் கட்டடம், எந்திரம் போன்றவற்றில் போட்ட பணத்தை நிலை முதல் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். ஒரே சொல் இரண்டு பாடத்தில் இரண்டு பொருளில் வந்தால் தேர்வில் திணறுவார்கள். இன்னொன்று, 'முதல்' என்றால் 'முதலாவது' என்றும் பொருள். 'மாறுமுதல் விலை' என்று கலத்துக்கு மேலே எழுதினால், முதல் விலை மாறிவிட்டது என்றுதான் படிப்பார்கள். 'அடி' என்று வையுங்கள். 'நிலையடி', 'மாறடி'.

கணக்கைப் பற்றியும் ஒன்று. ஏற்றிவிட்டு இறக்கியதால்தான் இழப்பு. முதலில் 20% இறக்கி, அப்புறம் 20% ஏற்றியிருந்தால் லாபமாக முடிந்திருக்கும். ஆகவே வரிசையையும் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆம்பூர், ஷூ மேற்பகுதி தைக்கும் பட்டறை:

எனக்கும் இதே மாதிரி ஒன்று நடந்தது, அதைச் சொல்கிறேன். தையல் மெஷின் பழுது பார்த்த பில் 1,180 ரூபாய், 18% ஜிஎஸ்டி உட்பட. வரி இல்லாமல் கூலி எவ்வளவு என்று தனியாகப் பதிய வேண்டும். என் பையன் 1,180-இலிருந்து 18% கழித்து 967.60 என்று எழுதிவிட்டான். ஆடிட்டர் ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். கூலி 1,000, வரி 180. 1.18-ஆல் வகுக்க வேண்டுமாம். வகுப்பது ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. டீச்சர் எழுதியதைப் படித்த பிறகுதான் புரிகிறது. வரி 1,000-இன் மேல் போட்டது, இவன் 1,180-இன் மேல் கழித்திருக்கிறான். குறைந்த 32.40 என்பது 180-இல் 18%. போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

சொல் எதுவானாலும் பரவாயில்லை, எங்கள் பட்டறையில் பர்சன்ட் என்றுதான் சொல்வோம். ஆனால் பில்லில் வரி சேர்ந்த தொகைக்கும் சேராத தொகைக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

காட்பாடி, கணித ஆசிரியை:

வாணியம்பாடி சார், 'நிலைமுதல்' பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். வரிசை பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. போட்டுப் பாருங்கள். 250-இல் 20% இறக்கினால் 200. 200-இல் 20% ஏற்றினால் 240. அதே 240-தான். 1.2-ஐ 0.8-ஆல் பெருக்கினாலும், 0.8-ஐ 1.2-ஆல் பெருக்கினாலும் 0.96. பெருக்கலுக்கு முன்பின் கிடையாது.

ஆனால் வரிசையே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. நடுவில் நிற்கும் விலை வேறாகிறது. முன்னதில் அது 300, பின்னதில் 200. அந்த இடைக்காலத்தில் சரக்கு விற்றால் கல்லாவில் வரும் பணம் மாறத்தான் செய்யும். அது விற்பனைக் கணக்கு, விழுக்காட்டுக் கணக்கு இல்லை.

கடைசி வரியில் 0% காட்டிய கலத்தையும் திருத்த வேண்டும். விழுக்காடுகளைக் கூட்டக் கூடாது, பெருக்கிகளைப் பெருக்க வேண்டும். மாற்றங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக H2, H3 என்று, இறக்கத்துக்குக் கழித்தல் குறியோடு எழுதுங்கள். பக்கத்தில் ஒரு நெடுவரிசை போதும்:

```
I2: =1+H2
I3: =1+H3
I4: =PRODUCT(I2:I3)-1
```

20%, -20% என்று கொடுத்தால் I4-இல் -4% வரும். அன்றைக்கு அந்த இடத்தில் இந்த -4% நின்றிருந்தால் 400 லுங்கி போயிருக்காது.

வாணியம்பாடி, வணிகவியல் விரிவுரையாளர்:

போட்டுப் பார்த்தேன் அம்மா, 240-தான் வருகிறது. வரிசை பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். 'மாறடி'யில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

வாலாஜா, தையல் பயிற்சி தரும் பெண்:

'மாறடி' வேண்டாம் சார். காதில் 'மாரடி' என்றுதான் விழும். எங்களிடம் தையலும் கணக்கும் கற்க வரும் அக்காமார் பலர் கணவரை இழந்தவர்கள். சாவு வீட்டில் மாரடித்து அழுவதை நினைவூட்டும் சொல்லை அவர்கள் முன்னால் திரையில் போட எனக்கு மனம் வராது. றகரம், ரகரம் என்று எழுத்தில் பிரிக்கலாம், வகுப்பு நடப்பது பேச்சில்.

நான் சொல்லித்தரும்போது பெயர்ச்சொல்லே தேவைப்பட்டதில்லை. "இருபது பர்சன்ட், எது மேல?" என்று கேட்பேன். ரவிக்கைக் கூலி மேலயா, துணி விலை மேலயா, ரெண்டும் சேர்ந்தது மேலயா? பதில் சொல்லாமல் யாரும் எண்ணை அடிக்கக் கூடாது. தாளில் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பக்கத்தில் 'எதன்மேல்' என்று ஒரு நெடுவரிசை வைத்திருக்கிறோம். அதில் A2 அல்லது C2 என்று எழுதிய பிறகுதான் சூத்திரம் போட விடுவேன்.

குடியாத்தம், லுங்கிக் கடைக் கணக்கர்:

எல்லோருக்கும் நன்றி. 'நிலைமுதல்' போகட்டும், வாணியம்பாடி ஐயா சொன்ன காரணம் போதும். 'மாறுமுதல்' மட்டும் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. "முதலுக்கே மோசம்" என்று சொல்லி வளர்ந்த ஊர், அந்தச் சொல்லில் காசு போகும் பயம் தானாக வந்துவிடுகிறது. ஆனால் 'முதலாவது' என்ற குழப்பத்துக்கு என்னிடம் விடை இல்லை. 'அடிநகர்வு' என்று யோசித்தேன். அது தொகையின் பெயராக இல்லாமல் நடக்கும் செயலின் பெயராகிவிடுகிறது.

வாலாஜா அம்மா சொன்ன 'எதன்மேல்' நெடுவரிசையை இன்று காலை கடைத் தாளில் சேர்த்துவிட்டேன். ஆடிக் கணக்கை அதில் மறுபடி போட்டபோது இறக்கத்துக்கு நேரே C2 என்று அடிக்க வேண்டியிருந்தது. அடித்த கையோடு C2-வைப் பார்த்தேன், 300 என்று இருந்தது. அன்றைக்கு நான் அந்தக் கலத்தைப் பார்க்கவே இல்லை.

ஆம்பூர் பாய் கேட்ட இரண்டு பெயர்களுக்கு 'வரியேறிய விலை', 'வரியேறா விலை' என்று எழுதிப் பார்த்தேன். முதலாளி இரண்டாவதை 'வரியே இல்லாத சரக்கு' என்று படித்துவிட்டார். வேறு யாராவது சொல்லுங்கள்.